நொதிய வரைபுல படித்திறன் பிழைக்குது, நாளைக்கு ரிப்போர்ட் குடுக்கணும்

கல்லடி_03: Km 3.3 வந்திச்சு, Vmax 48. தொடக்கப் படித்திறன் Vmax/Km தானே, அப்ப 14.5 கிட்ட வரணும், வரைபுல அளந்தா 10 தான் வருது. எங்க பிழை? அவசரம்

ஓட்டமாவடி நானா: எந்த வரைபு தம்பி? கிடையச்சுல நேரமா, செறிவா? தரவையும் போடுங்க, அலகையும்.

செங்கலடி பயோ: கடைசில படித்திறன் 0 ஆகுதெண்டா தாக்கம் நிண்டுட்டு. நொதியம் பழுதாகியிரிக்கும், தண்ணிச்சட்டி வெப்பநிலைய பாருங்க.

பழைய உறுப்பினர்: ஒவ்வொரு வருசமும் இதே கேள்விதான். தேடிப் பாக்கிற பழக்கமே இல்ல புள்ளைகளுக்கு.

கல்லடி_03: சொறி. யூரியேஸ், கிடையச்சுல யூரியா மில்லிமோலர்ல. 1க்கு வீதம் 10, 2க்கு 17, 5க்கு 30, 10க்கு 40, 20க்கு 48. நிலைக்குத்து நிமிடத்துக்கு மைக்ரோமோல்

ஓட்டமாவடி நானா: செங்கலடி, நீங்க சொல்றது விளைவு-நேர வரைபுக்கு, அதுல படித்திறன்தான் வீதம். இதுல வீதம் உயரத்துல இரிக்கு. மேல தட்டையானா நொதியம் முழு வேகத்துல ஓடுது, இன்னும் யூரியா போட்டாலும் கூடாது, அவ்வளவுதான்.
தம்பி, உங்கட வரைபு இன்னும் தட்டையாகவே இல்ல. 10க்கும் 20க்கும் இடையில 8 ஏறியிரிக்கு, படித்திறன் 0.8. ஏறிக்கிட்டிரிக்கிற புள்ளிய உச்சமெண்டு எடுத்தா Vmax குறையும், அதுட பாதிய வச்சு வாசிச்ச Km இன்னும் கூடக் குறையும். கீழயும் அப்பிடித்தான், 0க்கும் 1க்கும் கோடு போட்டு 10 எடுத்திருப்பீங்க, ஆனா 1க்கு வாறதுக்குள்ளயே வளைவு சரியத் தொடங்கிட்டு.
S/v ஐ S க்கு எதிரா போட்டுப் பாருங்க. 1ல 0.1, 20ல 0.417. அந்தக் கோட்டுட படித்திறன் 1/Vmax, அதால Vmax 60, Km 5. 60/5 = 12. உங்கட 20 வெறும் நாலு Km தான், அங்க உச்சத்துல நூத்துக்கு 80தான் வரும். பத்து Km போனாலும் 91 தான்.

செங்கலடி பயோ: அப்ப லைன்வீவர்-பேர்க் போட்டா லேசா வந்திரும்தானே, எங்களுக்கு அதுதான் படிப்பிச்ச

பழைய உறுப்பினர்: அத இன்னும் பாவிக்கிறீங்களா? குறைஞ்ச செறிவுல வாற சின்னப் பிழைய 1/v பெருசாக்கிக் காட்டும். கணினில நேரா வளைவப் பொருத்துங்க.

செங்கலடி பயோ: சோதனை மண்டபத்துக்குள்ள கணினி தருவாங்களா ஐயா

ஒலுவில் தங்கச்சி: எனக்கு 200க்கு மேல வீதம் இறங்குது, அதுவும் யூரியேஸ்தான். யூரியாவே தடுக்குதா, நான் கலக்கினதுல பிழையா?

ஓட்டமாவடி நானா: ரெண்டும் நடக்கும். அந்தச் செறிவுல திரும்ப ரெண்டு தரம் புதுசாக் கலக்கிச் செஞ்சு பாருங்க. பிஎச்சையும் பாருங்க, அமோனியா கூடினா அது ஏறும்.

கல்லடி_03: 60, 5 வந்திச்சு நானா. 50 மில்லிமோலர் ஒண்டு செய்யலாமெண்டு பாத்தா யூரியா முடிஞ்சு போச்சு