மாமா விலகுகிறார், மச்சான் கடையைத் தொடர்கிறார்: இருவர் கூட்டைப் பிரிக்கும் முறை

பேரேடு

சொந்தத்துக்குள் கூட்டு பிரியும்போது சண்டை வருவது "இனி சேர்ந்து நடத்த வேண்டாம்" என்று சொல்லும் நாளில் அல்ல. அதற்கு ஆறு மாதம் கழித்து, "என் பங்கு எப்படி இவ்வளவுதான் ஆச்சு?" என்று ஒருவர் கேட்கும்போதுதான் வருகிறது. அந்தக் கேள்விக்கு இடமில்லாமல் செய்வது எப்படி என்று ஒரு பெயிண்ட், ஹார்ட்வேர் கடையை வைத்துச் சொல்கிறேன். அக்கா வீட்டுக்காரரும் தம்பியும் பங்குதாரர்கள். லாபம் பாதிப் பாதி. மாமா விலகுகிறார், தம்பி தொடர்கிறார்.

முதல் வேலை, ஒரு தேதியை முடிவு செய்வது. அந்த நாள் இரவு கடை அடைக்கும் வரை இருவர் கணக்கு, மறுநாள் காலையிலிருந்து ஒருவர் கணக்கு. பெயிண்ட் கடைக்கு மார்ச் 31 நல்லது. தீபாவளிக்கு முன்னால் வைத்தால் கடை நிறையச் சரக்கும் கடனும் நிற்கும். பெரிய விற்பனை மாதம் வரும்போது ஒருவரை வெளியே அனுப்பியது போலவும் ஆகிவிடும்.

அடுத்தது ஸ்டாக் எடுப்பது. இங்கேதான் பாதிப் பிரச்சினை. கம்ப்யூட்டர் 22 லட்சம் என்று காட்டும், அது வாங்கிய விலை. ஷெல்ஃபைப் பார்த்தால் கதை வேறு. மெஷினில் கலர் கலந்து, வாடிக்கையாளர் எடுக்காமல் விட்ட டின்கள் அடித்தட்டில் இருக்கும். மூடியின் ஓரத்தில் துரு, மேலே மார்க்கரில் யாரோ ஒரு மேஸ்திரியின் பெயர். அந்தக் கலரை இன்னொருவர் வாங்கப்போவதில்லை. பட்டி மூட்டையின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்தினால் கல் மாதிரி இருக்கும். இவை எல்லாம் புத்தகத்தில் முழு விலையில் உட்கார்ந்திருக்கின்றன.

அதனால் எண்ணத் தொடங்குவதற்கு முன்பே விகிதத்தை எழுதிக்கொள்ள வேண்டும். வாங்கி ஒரு வருடத்துக்குள் உள்ளது முழு விலை, ஒன்றிலிருந்து இரண்டு வருடம் 60 சதவீதம், அதற்கு மேல் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். எண்ணிய பிறகு விகிதம் பேசினால் யாருக்கு எது லாபம் என்பது தெரிந்துவிடும். பிறகு பேச்சு நேராக இருக்காது. எண்ணும்போது இருவரும் நிற்கட்டும், ஒருவர் சொல்ல ஒருவர் எழுதட்டும், ஒவ்வொரு தாளின் அடியிலும் இருவர் கையெழுத்து இருக்கட்டும்.

கடைவீதி

அண்ணே, ஸ்டாக் சரி. வரவேண்டிய பாக்கி என்ன பண்றது? பெயிண்டர், கான்ட்ராக்டர் பாக்கிதான் எங்க லைன்ல பாதி முதலை முழுங்குது. அதையும் முழுசா போட்டா தொடர்றவர் தலையில விழும்.

பேரேடு

பழைய பாக்கிக்கு விலை போடவே வேண்டாம். 9 லட்சம் பாக்கி என்றால், 90 நாளுக்குள் உள்ள 5 லட்சத்தை மட்டும் கணக்கில் சேர்க்கலாம். மீதி 4 லட்சத்துக்குத் தனிப் பட்டியல் போட்டு, வர வர ஆளுக்குப் பாதி என்று பத்திரத்தில் எழுதிவிட வேண்டும். வந்தால் இருவருக்கும், வராவிட்டால் இருவருக்கும். ஒரு நிபந்தனை முக்கியம்: பழைய பாக்கிக்காரர் பணம் கொடுத்தால் அது முதலில் பழைய பில்லுக்கே கழிய வேண்டும். இல்லாவிட்டால் தொடர்பவர் புதுப் பில்லில் வரவு வைப்பார், பழைய பாக்கி அப்படியே நிற்கும். அவர் வேண்டுமென்று செய்யாவிட்டாலும் விலகியவருக்கு அப்படித்தான் தோன்றும்.

முழுக் கணக்கு இப்படி வரும். ஸ்டாக் 22 லட்சத்தில் புதிது 14, நடுத்தரம் 5, பழையது 3. விகிதப்படி 14, 3, 0.3 என்று மொத்தம் 17.3 லட்சம். பாக்கி 5, கட்டட அட்வான்ஸ் 3, ரேக், மேஜை, பில் மெஷின் 1.2, ரொக்கமும் பேங்க் இருப்பும் 1. ஆக 27.5 லட்சம். சப்ளையருக்குத் தரவேண்டியது 6.5, பேங்க் ஓவர்டிராஃப்ட், அதாவது ஓடி, 4. கழித்தால் 17 லட்சம்.

இதை உடனே இரண்டாகப் பிரிக்கக் கூடாது. மாமா நடுவில் சரக்கு எடுக்க 2 லட்சம் கைமாத்தாகப் போட்டிருக்கிறார். அது முதல் அல்ல, கடன். முதலில் அதைத் திருப்ப வேண்டும். பிறகு அன்றைய முதல் கணக்கு, மாமாவுக்கு 6, தம்பிக்கு 4. மிச்சம் 5 லட்சம்தான் பாதிப் பாதி. ஆக மாமாவுக்கு 2 + 6 + 2.5, மொத்தம் 10.5 லட்சம். தம்பிக்கு 6.5. வெளிக் கடன், பங்குதாரர் கொடுத்த கடன், முதல், மிச்சம் என்ற இந்த வரிசை 1932 கூட்டாண்மைச் சட்டத்திலேயே இருக்கிறது. "யார் சொன்னது இப்படி?" என்று வீட்டில் கேட்டால் அதைக் காட்டலாம்.

ஸ்டாக்கை 22 என்றே வைத்திருந்தால் மாமாவுக்கு 12.85 லட்சம் வந்திருக்கும். 2.35 லட்சம் வித்தியாசம், அத்தனையும் துருப்பிடித்த டின்னில். இந்த ஒரு வரியை இருவர் முன்னாலும், முடிந்தால் அக்கா முன்னாலும், போட்டுக் காட்டிவிட வேண்டும்.

ஊதாப்பூ

எங்கள் வீட்டில் அப்பா பெயரில் இருக்கும் கடையை அண்ணனும் நானும் பிரிக்க வேண்டும். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஸ்டாக்கையும் சேர்த்து எழுதலாமா?

பேரேடு

உங்களுடையது வேறு விஷயம், அம்மா. கட்டடம் அப்பாவுடைய சொத்து, அது கூட்டின் சொத்து அல்ல. இரண்டையும் ஒரே பத்திரத்தில் குழப்பாதீர்கள். ஆனால் நீங்கள் கேட்டதால் ஒன்று நினைவு வருகிறது. கடை இருக்கும் கட்டடம் விலகுபவருடையதோ அவர் மனைவியுடையதோ என்றால், பிரியும் நாளிலேயே புது வாடகை ஒப்பந்தம் போட வேண்டும். வாடகை, எத்தனை வருடம், எப்போது எவ்வளவு உயர்வு என்று எழுத்தில் இருக்கட்டும். சொந்தக்காரர் என்று பேருக்கு 5,000 கொடுத்துவந்த இடம், கூட்டு பிரிந்ததும் அடுத்த கடைக்காரர் தரும் வாடகையோடு ஒப்பிடப்படும்.

சிவகாசி_டிரேடர்

இவ்வளவு தேவையில்லை. முத்திரைத் தாளில் விலகல் பத்திரம் எழுதி, இருவரும் சாட்சியோடு கையெழுத்துப் போட்டால் விலகியவருக்கு அதன் பிறகு எந்தப் பொறுப்பும் கிடையாது. ஜிஎஸ்டியில் திருத்தம் போட்டுப் பெயரை எடுத்துவிட்டால் அதே நம்பரில் ஓட்டலாம்.

வரிமனை

பத்திரம் உங்கள் இருவரையும் கட்டும், வெளியாளைக் கட்டாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பதிவான கூட்டு என்றால் பதிவாளருக்கு அறிவிப்பு, அரசிதழ், அந்த மாவட்டத்தில் போகும் ஒரு தமிழ் நாளிதழ் என மூன்றிலும் கொடுத்தால்தான் பொது அறிவிப்பு. அதுவரை தொடர்பவர் கடைப் பெயரில் வாங்கும் கடனுக்கு விலகியவரையும் கேட்கலாம். பதிவாகாத கூட்டுக்கும் அரசிதழும் நாளிதழும் உண்டு. பழைய கடன் அறிவிப்பாலும் தீராது. பிரியும் நாளில் நிற்கும் சப்ளையர் பாக்கிக்கு, அந்த சப்ளையரே "இனி இவரிடம் வாங்கிக்கொள்கிறேன்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

பேங்க் விஷயம் இன்னும் கடுமை. ஓடிக்கு மாமா கேரண்டி போட்டிருப்பார், வீட்டுப் பத்திரமும் அங்கே இருக்கலாம். பேங்க் எழுத்தில் விடுவிக்கும் வரை அந்தக் கேரண்டி உயிரோடுதான் இருக்கும். ஓடியை அடைத்து, வீட்டுப் பத்திரம் கையில் வந்த பிறகு மற்றதில் கையெழுத்துப் போடுங்கள். அல்லது தம்பி பெயரில் புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைக்கலாம்.

ஜிஎஸ்டியில் நீங்கள் சொன்னது மூன்று பேரில் ஒருவர் விலகினால் சரி. இருவரில் ஒருவர் போனால் கூட்டே இல்லை, தனி ஒருவர்தான். பான் மாறுகிறது, அதனால் ஜிஎஸ்டி எண்ணும் மாறும். வரிசை முக்கியம்: தம்பி பெயரில் புதுப் பதிவு வந்த பிறகு, பழைய எண் உயிரோடு இருக்கும்போதே GST ITC-02 போட்டு மீதி வரி வரவை மாற்ற வேண்டும். அதற்கு ஆடிட்டர் சான்று வேண்டும். தம்பி தன் லாகின்னில் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் REG-16 போட்டு ரத்து, ரத்தான மூன்று மாதத்துக்குள் GSTR-10 என்ற இறுதி ரிட்டர்ன். அவசரத்தில் முதலில் ரத்து செய்துவிட்டால், கையில் இருக்கும் சரக்கின் வரி வரவைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். அப்புறம் அது யார் பங்கில் என்று தொடங்கும்.

கடைவீதி

ஒண்ணு விட்டுட்டீங்க. கம்பெனி வருஷ டர்ன்ஓவருக்குத் தர்ற தள்ளுபடி கிரெடிட் நோட் மார்ச்சுல வராது, ஏப்ரல், மே ஆகும். அது போன வருஷ விற்பனைக்கு. தொடர்றவர் கணக்குல வந்து விழும், விலகுனவருக்குத் தெரியவே தெரியாது. டீலர் யாராவது பேச்சுவாக்கில சொல்லும்போதுதான் மனசு விட்டுப் போகும்.

பேரேடு

அருமையான விஷயம். பத்திரத்தில் இப்படி ஒரு வரி போதும்: "மார்ச் 31 வரை செய்த வியாபாரத்துக்கு அதன் பிறகு வரும் கிரெடிட் நோட், ரீஃபண்ட் எதுவானாலும், அதே காலத்துக்கு வரும் வரி, அபராதம் எதுவானாலும், இருவருக்கும் பாதி." வரும் பணத்தை மட்டும் எழுதி, வரப்போகும் நோட்டீஸை எழுதாமல் விடாதீர்கள்.

மல்லிகைப்பந்தல்

10.5 லட்சத்தை ஒரே நாளில் எடுத்தால் கடை படுத்துவிடுமே. கையெழுத்தன்று 3 லட்சம், மீதி 7.5 லட்சம் மாதம் 50,000 வீதம் 15 மாதம் என்றால் நடக்கும். 15 செக்கை அந்தந்த மாதத் தேதி போட்டு இப்போதே வாங்கிக்கொள்வது பாதுகாப்பு.

வரிமனை

செக் திரும்பினால் வழக்கு கிரிமினல் கோர்ட்டுக்குப் போகும். மச்சான் மேல் அந்த வழக்கை மாமா போடுவாரா? போடமாட்டார் என்றால் செக்கால் பயனில்லை. போடுவார் என்றால் உறவு போச்சு. பேங்கில் மாதாமாதம் தானாகப் போகும்படி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் கொடுத்து, இரண்டு தவணை தவறினால் என்ன செய்வது என்று பத்திரத்திலேயே எழுதிவிடலாம்.

மல்லிகைப்பந்தல்

தானாகப் போவதை நிறுத்த ஒரு நிமிஷம் போதும். செக் கையில் இருந்தால்தான் மாதம் பொறந்ததும் பணத்துக்கு ஏற்பாடு செய்வார்கள். இதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பேரேடு

இது அவரவர் குடும்பத்தைப் பொறுத்தது. தவணைக்கு வட்டி உண்டா இல்லையா என்பதை மட்டும் "இல்லை" என்றாலும் எழுதுங்கள். கணக்குத் தீர்க்காமல் விலகியவர் முதலைப் போட்டு ஒருவர் தொழில் நடத்தினால், லாபத்தில் பங்கோ 6 சதவீத வட்டியோ கேட்கச் சட்டம் இடம் தருகிறது. பேசாமல் விட்ட இடத்தில் அது வந்து நிற்கும்.

ஊதாப்பூ

கடைப் பெயருக்கு மதிப்பு போடுவதில்லையா? இருபது வருடப் பெயர் என்றால்?

கடைவீதி

எங்க பக்கம் ஒரு வருஷ லாபம்னு போடுவாங்க. பெயிண்டர்ங்க மாமா முகத்துக்காக வர்றாங்கன்னா, அவர் போனா அவங்களும் போவாங்க. அப்போ பெயருக்கு என்ன விலை?

பேரேடு

அதனால்தான் மேலே அதைச் சேர்க்கவில்லை. மாமா அதே ஊரில் புதுக் கடை போடத் தடை இல்லை, ஆனால் அதே பெயரில் கூடாது. போடமாட்டேன் என்று இத்தனை வருடத்துக்கு, இந்த எல்லைக்குள் என எழுதிக் கொடுத்தால் பெயருக்கு ஒரு தொகை கேட்பது நியாயம். எழுதித் தராமல் தொகையும் கேட்டால், தம்பி யோசிக்க வேண்டும்.