அயர்ன் பாக்ஸ் பிளக் சூடாகுது, வயரையே மாத்தணுமா?

எலக்ட்ரிக்கல் வேலை தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க. அம்மா யூஸ் பண்ற 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸ், துணி சுத்துன வயர், பிளக் கிட்ட நூல் பிரிஞ்சு உள்ள பிரவுன் வயர் தெரியுது, அஞ்சு நிமிஷம் ஓடுனாலே பிளக் கை வைக்க முடியாம சுடுது. 230 வோல்ட்ல நாலரை ஆம்பியருக்குள்ள தான் இழுக்கும், 6 ஆம்பியர் பிளக் தாங்கணுமே. கழட்டி பாத்தா L ஸ்க்ரூ லூசா இருந்துச்சு, அங்க மட்டும் காப்பர் கருத்து மொறுமொறுன்னு ஒடியுது.

பளபளன்னு காப்பர் வர்ற வரைக்கும் வெட்டிட்டு புது த்ரீ பின் போடலாம்னு இருக்கேன். பிரவுன் L, நீலம் N, பச்சை மஞ்சள் மேல இருக்க பெரிய பின்னுக்கு, எர்த்தை மட்டும் கொஞ்சம் நீளமா விடணும், வயர் இழுபட்டா அது கடைசியா தான் கழலணும். கிளாம்ப் வெளித்துணி மேல பிடிக்கணும், சரிதானே?

என் சந்தேகம் ரெண்டு. அயர்ன் பாக்ஸ் பக்கம் ரப்பர் கிட்டயும் வயரை வளைச்சா லைட் விட்டு விட்டு எரியுது, அப்போ உள்ள இழை அறுந்திருக்கும், முழு வயரும் மாத்துறது தானே சரி? அப்புறம் சாக்கெட்ல பின் தளர்வா நிக்குது, அதை மாத்தாம விட்டா புது பிளக்கும் கருகுமா? அதுவரை அம்மாவை தொட வேணாம்னு சொல்லியிருக்கேன்.