காது ஜவ்வு ஒட்டி ஒன்பது நாள், இன்னும் கேட்கவில்லை

மேலூர்க்காரன்
சின்ன வயதிலிருந்து சளி பிடித்தாலே சீழ் வடியும் வலது காது. ஜவ்வில் ஓட்டை. இரண்டு மாதம் வடியாமல் காய்ந்திருந்த பிறகுதான் மதுரையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். முழு மயக்கம் கிடையாது, மரத்துப்போக ஊசிதான். சுரண்டும் சத்தமெல்லாம் கேட்டது. காதுக்குப் பின்னால் கீறி, தசை மேல் இருக்கும் மெல்லிய உறையை எடுத்து, காயவைத்து, ஓட்டைக்கு உள்பக்கமாக ஒட்டுப் போட்டார்களாம். இரண்டு ராத்திரி தங்கினேன். தலைக்கட்டை மறுநாளே எடுத்துவிட்டார்கள், ஏழாம் நாள் தையல் பிரித்தாயிற்று. ஆனால் கிணற்றுக்குள் முங்கிய மாதிரியே இருக்கிறது. ரசம் குடித்தால் நாக்கின் வலது ஓரம் இரும்பு நக்கினது போல. ஒட்டு போய்விட்டதா?

தியேட்டர் நர்ஸ்
பயப்படாதீங்க அண்ணே. ஒட்டு நகராமல் இருக்க முன்னும் பின்னும் பஞ்சு போன்ற ஒன்றை அடைத்திருப்பார்கள். அது தானாகக் கரைய வாரக்கணக்கில் ஆகும், அதுவரை கேட்காது. மூன்று மாதம் கழித்துத்தான் கேட்கும் அளவைப் பார்ப்பார்கள். சுவை நரம்பு ஜவ்வுக்குப் பின்னாலேயே ஓடுகிறது, அது உரசியிருக்கும். பெரும்பாலும் மெல்லச் சரியாகிவிடும். நாற்றத்தோடு சீழ், கூடிக்கொண்டே போகும் வலி, தலைசுற்றல், வாய் ஒருபக்கம் கோணுவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே போய்விடுங்கள்.

வாடிப்பட்டி மாமா
தண்ணி படக்கூடாது தம்பி. தும்மல் வந்தால் மூக்கை இறுக்கிப் பிடிச்சுக்கணும். ரெண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டால் சீக்கிரம் ஆறும்.

தியேட்டர் நர்ஸ்
தண்ணி விஷயம் சரி மாமா. மூக்கைப் பிடித்தால் காற்று உள்குழாய் வழியாகக் காதுக்கு ஏறி ஒட்டைத் தூக்கிவிடும். வாயைத் திறந்து தும்மணும், மூக்கையும் சிந்தக்கூடாது. எண்ணெய் வேண்டவே வேண்டாம், டாக்டர் தரும் சொட்டு மருந்து மட்டும்.

உசிலம்பட்டி மருமகள்
எங்க அத்தைக்குக் காது மெஷின் விசிலடிக்குது, அதுக்கும் இந்த ஆபரேஷன் பண்ணலாமா?

திருமங்கலம் டிரைவர்
அக்கா, அது வேற கதை. என் கதையைக் கேளுங்க. இதே ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரம், தீபாவளி. வெறும் பஞ்சை வைத்து எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். பஞ்சு தண்ணியை உறிஞ்சி உள்ளே விட்டது. நாலாம் நாள் தலையணையில் மஞ்சள் கறை. ஒட்டில் முக்கால் பங்கு நின்றது, ஓரத்தில் ஊசிமுனை ஓட்டை. மறுபடி போடணுமா, பார்க்கலாமா என்று இன்னும் இழுக்கிறது. பஞ்சில் வாசலின் தடவி அடைத்து, தலையை விட்டு உடம்புக்கு மட்டும் ஊற்றிக்கோங்க.

மேலூர்க்காரன்
சரிண்ணே. அடுத்த மாதம் கொடைக்கானலில் மச்சான் கல்யாணம். மலை ஏறலாமா?

திருமங்கலம் டிரைவர்
எனக்கு ஆறு வாரம் வேண்டாம் என்றார்கள்.

தியேட்டர் நர்ஸ்
இதில் டாக்டருக்கு டாக்டர் மாறும். அடுத்த முறை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போதே கேட்டுவிடுங்கள்.