புதுப்பிப்பு: ரிலீவிங் லெட்டர் கைக்கு வந்தது
"ராஜினாமாவை ஏற்ற மெயில் இருக்கு, ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றிதழும் வரல. புது கம்பெனி ரெண்டும் இல்லாம சேர்க்காதாம். என்ன செய்யலாம்?"

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ரிலீவிங் லெட்டர் வந்துவிட்டது. எச்ஆருக்கே திரும்பத் திரும்ப எழுதாமல், பாக்கி எதுவும் இல்லை என்ற 'நோ டியூஸ்' ஒப்புதல் எந்தத் துறையில் நிற்கிறது என்று கேட்கச் சொன்ன அக்காவின் யோசனைதான் பலித்தது. கூரியரில் அனுப்பிய லேப்டாப்பை ஐடி துறை வரவு வைக்கவே இல்லை. கூரியர் ரசீதையும் லேப்டாப்பின் சீரியல் எண்ணையும் அவர்களுக்கு அனுப்பி, எச்ஆரை நகலில் சேர்த்தேன். மறுநாளே லெட்டர் வந்தது.

சம்பளச் சீட்டே போதும் என்றவர் சொன்னது பாதி சரி. ராஜினாமா ஏற்ற மெயிலோடு அதைக் காட்டியதும் புது கம்பெனி அவகாசம் மட்டும் தந்தது. பிஎஃப் பணம் எடுப்பது பற்றி எழுதிய நண்பரே, என் கேள்வி அதுவல்ல. ஆனாலும் உங்களால்தான் பிஎஃப் தளத்தைத் திறந்தேன். அங்கே வேலையை விட்ட தேதி லெட்டரில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை! பின்னணிச் சரிபார்ப்பில் இதைக் கேட்கலாம். லெட்டர் வந்ததும் அந்தத் தேதியை ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்தச் சொல்லி பழைய கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன். அனுபவச் சான்றிதழ் இன்னும் வரவில்லை.