டூ-ஃபைவ்-ஒன்: ஷெல் வாய்சிங்ல கார்ட் ஒட்டவே மாட்டேங்குது, உதவி வேணும்

கேட்டவர்: C மேஜர்ல Dm7, G7, Cmaj7 பழகுறேன். இடது கையில ரூட், வலது கையில தேர்டும் செவன்த்தும் மட்டும். எப்பவும் தேர்ட் கீழ, செவன்த் மேல. நோட் எல்லாம் சரிதான், ஆனா G7 வரும்போது கை மேல தாவுது, மூணு கார்டும் ஒண்ணோட ஒண்ணு சேராம தனித்தனியா கேக்குது. எங்க தப்பு?

பதில் 1: G7-ல மட்டும் தலைகீழா போடுங்க ப்ரோ, F கீழ B மேல. கை தாவாது. எந்த கார்டா இருந்தாலும் இந்த ரெண்டு நோட்டே போதும், ஃபிஃப்த் தேவையே இல்ல.

பதில் 2: எங்க குழுவுல பேஸ் கிட்டார் இருக்கு, நான் ரூட் வாசிச்சா கீழ ஒரே இரைச்சல். அதுக்கு என்ன பண்றது?

பதில் 3: உங்களுக்கு ரூட்டே வேணாம், அந்த ரெண்டு நோட்ட இடது கைக்கு மாத்திட்டு வலது கைய மெலடிக்கு விட்டுடுங்க.

கேட்டவருக்கு: நடு C-யையும் அதுக்குக் கீழ இருக்கிற F-ஐயும் பிடிங்க, அதான் Dm7. இப்ப F-ஐ விடாம C-ய மட்டும் ஒரு கீ இறக்கி B-க்கு வாங்க, G7 வந்தாச்சு. அப்புறம் B-ய பிடிச்சுக்கிட்டு F-ஐ E-க்கு இறக்குங்க, Cmaj7. ஒவ்வொரு மாத்தத்துக்கும் ஒரே ஒரு விரல்தான் நகரணும், ரெண்டு நகந்தா எங்கயோ தாவிட்டீங்கன்னு அர்த்தம். ரூட் இல்லாம வாசிச்சுப் பாருங்க, அப்பவும் கார்ட் மாறுறது காதுல விழணும்.

கேட்டவர்: வந்துருச்சு அண்ணா! அடுத்து Bb ஸ்கேலுக்கு எப்படி போறது?

பதில் 3: E, B ரெண்டையும் ஒவ்வொரு கீ இறக்குங்க, Eb, Bb, அதுதான் Cm7. மேல இருக்கிற Bb-ய A-க்கு இறக்கினா F7, கீழ இருக்கிற Eb-ய D-க்கு இறக்கினா Bbmaj7. இப்படியே ஒவ்வொரு ஸ்கேலா போனா கை கீழயே இறங்கிட்டு போகும், சத்தம் கலங்க ஆரம்பிச்சா கீழ் நோட்ட ஒரு ஆக்டேவ் மேல தூக்கி வெச்சுக்கோங்க.

ஃபிஃப்த் தேவையே இல்லன்னு மேல சொன்னது மைனர்ல சரிப்படாது. Dm7b5-க்கும் F, C தான், Dm7-க்கும் அதேதான், வித்தியாசமே Ab-லதான் இருக்கு. அதனால F, Ab, C. அடுத்து C-ய மட்டும் B-க்கு இறக்கினா அந்த Ab அப்படியே G7-க்கு ஃப்ளாட் நைன் ஆயிடும்.

பதில் 1: மெலடியிலயே Ab இருந்தா நான் கையில சேக்க மாட்டேன், ரெண்டு தடவ கேக்கும்.

பதில் 3: அப்ப விட்டுடலாம், இல்லன்னா வேணும்.

கேட்டவர்: சரி, Cm-ல வந்து நிக்கும்போது Eb-யோட Bb-யா, A-வா? Bb வெச்சா இன்னும் எங்கயோ போகணும் போல இருக்கு.

பதில் 3: முடிவுன்னா நான் A-தான் வைப்பேன்.

பதில் 1: எனக்கு B. G7-லேர்ந்து அந்த விரல் அசையவே வேணாம்.