ஸ்டாண்டர்டு ஒருமுறை குளிர்ந்து எழுந்தால் பழைய மதிப்புக்கு வருமா? உங்கள் அனுபவம்

லேப்மூலை:
மீட்டர்களைச் சரிபார்க்க எங்களிடம் இரண்டு 10 வோல்ட் ஸீனர் ஸ்டாண்டர்டுகள் உண்டு, ஏ, பி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி இரவு யூபிஎஸ் டிரிப் ஆகியிருக்கிறது. ஏ-யில் புது பேட்டரி என்பதால் தாங்கிவிட்டது. பி-யின் பேட்டரி பழசு. திங்கள் காலை வந்து பார்த்தால் பவர் இடையில் போகாதவரை எரிய வேண்டிய இன்-கேல் விளக்கு பி-யில் அணைந்திருக்கிறது. கூட வேலை பார்ப்பவர் "ரீசெட் பண்ணி எரிய விட்டுடலாம், ஆடிட்டுக்கு ரெண்டு வாரம்தான் இருக்கு" என்றார். நான் கை வைக்க விடவில்லை.

இரண்டையும் எதிரெதிராக இணைத்து, நடுவில் நுண்ணிய வித்தியாசத்தைக் காட்டும் நல் மீட்டரை வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். எட்டு மாதமாக வித்தியாசம் 6 மைக்ரோ வோல்ட் அளவிலேயே நின்றது. பவர் கொடுத்து ஒரு மணி நேரத்தில் 31. சாயங்காலம் 14. மறுநாள் 11. ஐந்தாம் நாள் 9. பத்தாம் நாளும் 9. அதற்குக் கீழே வரவே இல்லை. 3 மைக்ரோ வோல்ட் என்றால் 0.3 பிபிஎம்தான், ஆனால் அது எங்கே போனது என்பதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

வோல்ட்டு_வாத்தியார்:
24 மணி நேரம் சூடாகவிட்டால் போதும் தம்பி, ஸீனரை ஒரே சூட்டில் வைக்கிற ஓவன் செட் ஆகிவிடும். அதற்கு மேல் பார்ப்பது வீண். பழைய ஸீனருக்கு ஏஜிங் எல்லாம் எப்போதோ முடிந்துபோன சமாச்சாரம்.

பழைய_பாலம்:
வாத்தியார் சார், பாதி சரி. ஓவன் வெப்பநிலை அரை நாளில் நிலைபெறும் என்பது உண்மை. 31-லிருந்து 11 வரை வந்தது அந்தச் சூடேற்றம்தான். மிச்சம் அது இல்லை. பல மாதம் ஒரே சூட்டில் இருந்த சிப்பும் போர்டும் அறை வெப்பநிலைக்கு இறங்கி மறுபடி ஏறும்போது, அவற்றில் உள்ள இறுக்கம் பழைய இடத்தில் போய் உட்காருவதில்லை. அதனால் மதிப்பு கொஞ்சம் தள்ளி நிற்கும். எங்கள் ஸ்டாண்டர்டு ஒன்று இப்படித்தான் 0.5 பிபிஎம் நகர்ந்து அங்கேயே தங்கிவிட்டது. ஏஜிங் முடிகிற விஷயமும் இல்லை, மெதுவாகும், அவ்வளவுதான். அதன் பழைய சான்றிதழ்களைக் கோடாகப் போட்டால் வருடத்துக்கு 0.6 பிபிஎம் ஏறியது. பவர் போன பிறகும் கிட்டத்தட்ட அதே சரிவுதான், ஆனால் கோடு ஒரு படி மேலே தொடங்கியது. பழைய கோட்டை நீட்டி மதிப்புச் சொல்லியிருந்தால் தவறாகியிருக்கும்.

தூத்துக்குடி_ரீடர்:
கல்லூரி லேபில் அந்தக் காலத்து வோல்ட் ஸ்டாண்டர்டான வெஸ்டன் செல் இருந்தது. யாரோ அதை மேசையிலிருந்து எடுத்து ஆட்டிவிட்டு வைத்தார்கள். 1.0186 வோல்ட் வர வேண்டியது, வாரக்கணக்கில் அலைந்துகொண்டே இருந்தது. ஒரு டிகிரி ஏறினாலே 40 மைக்ரோ வோல்ட் குறையும். பேட்டரி பழசு என்றால் மாற்றிவிடுங்கள், அண்ணா.

லேப்மூலை:
தம்பி, பேட்டரி மாற்றியாயிற்று. கேள்வி பேட்டரி அல்ல, இந்த இடைவெளியில் பி-யின் மதிப்பு என்ன ஆனது என்பது.

நல்மீட்டர்_நாயகி:
நகர்ந்தது பி-தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டீர்கள். வித்தியாசம் ஒரே எண், அதில் ஏ-யும் இருக்கிறது. ஏ-க்கு பவர் போகவில்லை என்பது நல்ல சாட்சி, நிரூபணம் ஆகாது. யூபிஎஸ் போனபோது ஏசியும் போயிருந்தால் ஏ-யின் அறை சூடும் ஏறியிருக்கும். மூன்றாவது ஒன்று வேண்டும். ஏ-பி, பி-சி, ஏ-சி மூன்றையும் அளந்து சான்றிதழ் மதிப்புகளோடு ஒப்பிட்டால், எது தனியாகத் தள்ளி நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒயரை மாற்றிப் போட்டுப் பார்த்தீர்களா? தாமிரத்தோடு சால்டர் சேரும் இடத்தில் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கே சில மைக்ரோ வோல்ட் பிறக்கும். டெர்மினலைக் கையால் திருகிய சூடு போதும். நான் ஒரு மதியம் முழுக்க 4 மைக்ரோ வோல்ட் ட்ரிஃப்டைத் துரத்தினேன், கடைசியில் அது என் விரல் சூடு. திருகிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள், மேலே துணி போட்டு மூடுங்கள், ஏசிக் காற்று நேராகப் படக் கூடாது. பிறகு இரண்டு பெட்டிகளின் பிளஸ், மைனஸ் இரண்டையும் மாற்றி இணைத்து இன்னொரு தடவை எடுங்கள். உண்மையான வித்தியாசத்தின் குறி மாறும், ஒயரின் வெப்ப வோல்ட்டேஜ் மாறாது.

வோல்ட்டு_வாத்தியார்:
0.3 பிபிஎம்முக்கு இவ்வளவா? 6½ இலக்க மீட்டரைச் சரிபார்க்க இது போதாதா?

பழைய_பாலம்:
அந்த மீட்டருக்குப் போதும் சார். ஆனால் 8½ இலக்க மீட்டரையும் இதே பெட்டியால் பார்த்தால் போதாது. எது வேலையோ அதைப் பொறுத்தது.

லேப்மூலை:
மாற்றி இணைத்துப் பார்த்தேன். நேராக +9.4, மாற்றி −8.2. இரண்டையும் கழித்துப் பாதியாக்கினால் 8.8, ஒயரின் பங்கு 0.6. ஆக, கிட்டத்தட்ட 3 மைக்ரோ வோல்ட் நிஜமாகவே நகர்ந்திருக்கிறது. விளக்கு அணைந்தபடியே இருக்கிறது, பி-யை அளவுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். பக்கத்து லேபிலிருந்து மூன்றாவது ஒன்றைக் கடனாகக் கேட்டிருக்கிறேன், வியாழன் வருகிறது. பேட்டரியில் ஓடிக்கொண்டே வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.