சொற்கோட்டம்: நாடகப் பிரதியில் சாய்வான சொற்களைத் திருத்தும் வேலைக்கு என்ன பெயர்?

தேன்மொழி, பெரம்பூர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குழு மேடையேற்றப்போகும் நாடகம் பெரம்பூரில் ஓர் அடுக்ககத்தில் நடக்கிறது. பிரதி பழையது. எழுதியவரின் சம்மதத்தோடு நான் திருத்துகிறேன். பாத்திரப் பட்டியல் இப்படித் தொடங்குகிறது: "மீனா, 26, லட்சணமானவள். ரகு, 30, சிவில் இன்ஜினியர்." மீனா பேங்க் கேஷியர் என்பது மூன்றாம் காட்சியில்தான் தெரியவருகிறது. அவளுக்கு முகம், அவனுக்கு வேலை. அடுத்து ஒரு மேடைக்குறிப்பு: "செக்ரட்டரி எழுந்திருக்கிறார். வாட்ச்மேன் ஓடி வருகிறான். வேலைக்காரி எட்டிப் பார்க்கிறாள்." மூவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. 'ர்' ஒருவருக்கு மட்டும் கிடைத்திருக்கிறது.

இவற்றை மாற்ற வேண்டும், ஆனால் பிரதியின் சென்னைப் பேச்சும் வேகமும் கெடக் கூடாது. குழுவுக்கு ஒரு பக்க வழிகாட்டி எழுதுகிறேன். 'அனைவரையும் உள்ளடக்கிய மொழிக்கு மாற்றுதல்' என்று ஒவ்வொரு முறையும் எழுத முடியவில்லை. 'உள்ளடக்க மொழி' என்று சுருக்கினால் உள்ளடக்கம் என்ற வேறு பொருள் வந்துவிடுகிறது. நல்ல சொல் தாருங்கள்.

கார்த்திக், தரமணி

'பால்நடுநிலையாக்கம்' என்று வைக்கலாம். தமிழில் இது எளிதுதான், 'ஆர்' விகுதி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. வருகிறான், வருகிறாள் எல்லாவற்றையும் வருகிறார் ஆக்கிவிட்டால் முடிந்தது. ஒரே கட்டளை போதும்:

```
sed 's/ான்/ார்/g' natakam.txt
```

'ாள்' விகுதிக்கும் இப்படியே இன்னொன்று.

செல்வி, கோடம்பாக்கம்

தம்பி, அந்தக் கட்டளையை ஓட்டினால் 'நான்தான்' என்பது 'நார்தார்' ஆகிவிடும். அதைச் சரிசெய்துவிடலாம். உங்கள் விதியில்தான் பெரிய சிக்கல் இருக்கிறது. இருபது வருடமாக டப்பிங் வசனம் எழுதுகிறேன், அதனால் சொல்கிறேன்.

எழுத்தில் 'அவர்' பொது. மேடைக்குறிப்பில் அது சரி, மூவருக்கும் 'ர்' போடலாம். பேச்சில் அப்படி இல்லை. சென்னையில் "டாக்டர் வந்தாரு" என்றால் கேட்பவர் மனதில் ஆண் டாக்டர்தான் வருவார். பெண் டாக்டரை "வந்தாங்க" என்போம். ஆக, தாளில் பொதுவாக இருப்பது நடிகர் வாயில் ஆண்பாலாகிறது. தாளை மட்டும் பார்த்துத் திருத்துகிறவர் கண்ணில் இது படவே படாது, வாய்விட்டுப் படித்தால்தான் தெரியும்.

தேன்மொழி, உங்கள் பிரதியில் டாக்டர் வரும் வசனம் ஏதாவது இருந்தால் அனுப்புங்கள், செய்து காட்டுகிறேன்.

ஜெயந்தி, அம்பத்தூர்

எங்கள் அலுவலகப் படிவத்தில் 'தந்தை / கணவர் பெயர்' என்று ஒரே கட்டம்தான். நான் தனியாக வாழ்கிறவள், என் அம்மாதான் வளர்த்தார். ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டத்தில் பேனா நின்றுவிடுகிறது. இதையும் இதே பெயரில் சேர்ப்பீர்களா?

தேன்மொழி

ஜெயந்தி அக்கா, உங்கள் படிவம் கட்டாயம் மாற வேண்டும். 'பெற்றோர் அல்லது பாதுகாவலர் பெயர்' என்று போட்டால் போதும், அங்கே காப்பாற்ற வேண்டிய நடை எதுவும் இல்லை. நாடகத்தில் அந்தச் சுதந்திரம் கிடையாது.

செல்வி அக்கா, வசனம் இது. செக்ரட்டரி வாட்ச்மேனிடம் சொல்வது: "நல்ல டாக்டரா பாத்து கூட்டினு வா. அவரு வந்து ஒரு தபா பாத்துட்டாருன்னா போதும்." டாக்டராக நடிப்பது ஒரு பெண். 'அவங்க வந்து பாத்துட்டாங்கன்னா' என்று மாற்றினேன். உடனே செக்ரட்டரி யாரோ தெரிந்த அம்மாவைப் பற்றிப் பேசுவது போல ஆகிவிட்டது.

செல்வி

ஆமாம், யார் என்றே தெரியாத டாக்டரை அவர் கேட்கிறார். 'அவரு'வை எடுத்துவிட்டு வினையையும் மாற்றுங்கள்: "நல்ல டாக்டரா பாத்து கூட்டினு வா. வந்து ஒரு தபா பாத்தா போதும்." 'வந்து', 'பாத்தா' இரண்டுக்கும் பால் கிடையாது, மரியாதைப் படியும் கிடையாது. வரணும், வரலாம், வரல, வந்த என்பனவும் அப்படியே. வந்துவிட்டதைச் சொல்ல வேண்டுமானால் "டாக்டர் வந்தாச்சு". இவையெல்லாம் நாம் தினமும் பேசுவதுதான், அதனால் திருத்திய அடையாளமே தெரியாது.

எல்லா இடத்திலும் இது ஓடாது. நடந்ததை விவரித்துக்கொண்டே போகும் நீண்ட வசனத்தில் நான்கு வாக்கியம் தொடர்ந்து 'ஆச்சு' போட்டால் ரயில் நிலைய அறிவிப்பு போல ஆகிவிடும். அங்கே பாத்திரம் யார் என்பதை முடிவு செய்து, உரிய பாலையே போட்டுவிடுங்கள்.

பேராசிரியர் இராமலிங்கம், திருவான்மியூர்

'பால்நடுநிலையாக்கம்' பொருந்தாது. வாட்ச்மேனுக்கு 'ன்' கொடுத்தது பாலால் வந்த சாய்வு அன்று, தொழிலால் வந்தது. நாளை சாதி, உடற்குறை பற்றிய சொற்களும் வரும்.

நடுவுநிலைமை அதிகாரத்தின் 119ஆம் குறளில் 'சொற்கோட்டம் இல்லது செப்பம்' என்று ஆயத்தமாகவே இருக்கிறது. கோட்டம் என்றால் வளைவு. வள்ளுவர் சொன்னது தீர்ப்புச் சொல்வாரின் சொல்லில் வரும் வளைவை. நாம் அதை எழுத்துக்கு நீட்டிக்கொள்ளலாம். குறைக்குச் 'சொற்கோட்டம்', திருத்தும் வேலைக்குச் 'சொற்செப்பம்'. அதே குறளில் 'உட்கோட்டமும்' உண்டு. பாத்திரத்தின் மனத்திலேயே இருக்கும் சாய்வுக்கு அது உதவும்.

கார்த்திக்

ஐயா, முந்தைய குறளில் 'ஒருபால் கோடாமை' என்றே வருகிறதே? வள்ளுவர் பாலினத்தைத்தான் சொல்கிறார்! அப்படியானால் 'கோடாமொழி' என்று வைக்கலாமே?

பேராசிரியர் இராமலிங்கம்

அங்கே 'பால்' என்றால் பக்கம், தம்பி. தராசுக் கோல் ஒரு பக்கம் சாயாமல் நிற்பதைச் சொல்கிறார். 'கோடாமொழி' செவிக்கு இனிது. ஆனால் விளக்கம் சொல்லாமல் ஒருவருக்கும் புரியாது.

செல்வி

'சொற்கோட்டம்' எனக்குப் பிடித்திருக்கிறது, 'சொல்' முன்னால் நிற்பதால் குழப்பம் இல்லை. 'உட்கோட்டம்' வேண்டாம் ஐயா. போலீஸ் உட்கோட்டம் என்று தினமும் செய்தித்தாளில் வருகிறது.

தேன்மொழி

பெயர் எதுவானாலும் அந்தப் பிரிவு எனக்குத் தேவை. ஐந்தாம் காட்சியில் செக்ரட்டரி, "பொம்பள கைல கணக்கு கொடுத்தா வெளங்குமா?" என்கிறார். குழுவில் இருவர் அதை எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்தால் ஆறாம் காட்சியில் மீனா சங்கத்தின் கணக்கு நோட்டை மேசையில் விரித்து ஒவ்வொரு வரியாகப் படிப்பது எதற்கென்றே தெரியாது. அது அவர் சாய்வு, நாடகம் அதற்குப் பதில் சொல்கிறது. 'லட்சணமானவள்' பிரதியின் சாய்வு, அதற்குப் பதில் சொல்ல யாரும் இல்லை. பட்டியலை "மீனா, 26, பேங்க் கேஷியர். ரகு, 30, சிவில் இன்ஜினியர்" என்று மாற்றிவிட்டேன். 'வேலைக்காரி' இனி 'கஸ்தூரி'. வசனத்தில் ஏற்கெனவே அவளுக்குப் பெயர் இருந்தது, பட்டியலில்தான் இல்லை.

கார்த்திக்

வசனத்தைத் தொட வேண்டாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் 'சொற்செப்பம்' என்றால் பிழைதிருத்தம் என்றுதான் படிப்பவர் நினைப்பார். 'கோட்டநீக்கம்' நேராக இருக்கிறது.

பேராசிரியர் இராமலிங்கம்

நீக்கம் என்றால் எடுத்துவிடுவது மட்டும்தான். செல்வி அம்மா செய்து காட்டியது நீக்கம் அன்று, வாக்கியத்தை வேறு வழியில் நடத்துவது. செப்பம் என்பதில் அது அடங்கும். என் வாக்கு அதற்கே.

தேன்மொழி

வழிகாட்டியில் இப்போதைக்குச் 'சொற்கோட்டம்' மட்டும் போடுகிறேன். வேலையின் பெயருக்கு இரண்டையும் குழுவில் சொல்லிப் பார்க்கிறேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். தொடக்கத்தில் கூத்துப் பாணியில் கட்டியக்காரன் வருகிறான், இம்முறை அதை ஆடுவது ஒரு பெண். பிரதியின் ஓரத்தில் 'கட்டியம்' என்றே போட்டுவிட்டேன். ஆனால் அவர் "கட்டியக்காரன் வந்தேனே" என்று பாடிக்கொண்டு நுழைய வேண்டும். 'வந்தேனே'யில் பால் இல்லை, பெயரில்தான் இருக்கிறது. 'கட்டியக்காரி' என்றால் தாளம் நிற்கிறது, ஆனால் பாத்திரம் பெண் என்று ஆகிவிடும். ஆடுபவர்தான் பெண், பாத்திரத்துக்குப் பால் வேண்டாம்.

செல்வி

"கட்டியம் கூற வந்தேனே" என்று பாடிப் பார்க்கச் சொல்லுங்கள். அடி எங்கே விழுகிறது என்பதை மத்தளம் வாசிப்பவர்தான் சொல்ல வேண்டும்.